கடுகு அடக்கிவைத்த நாட்கள்

எங்கள் கடையில் நான்கு தையல் மெஷின்கள். வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், லிப்டுக்குப் பின்னால் ஒதுங்கிக் கிடக்கும் இடம். புதுத்துணி எதுவும் நாங்கள் தைப்பதில்லை. பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, இடுப்பைத் தளர்த்துவது, அவ்வளவுதான். முதல் மெஷின் ஊசியக்காவுடையது. சட்டைக் காலரின் ஓரத்தில் எப்போதும் நாலைந்து ஊசிகளைக் குத்தி வைத்திருப்பாள். யார் அவளைக் கட்டிப்பிடித்தாலும் "ஆ!" என்று ஒரு சத்தம் வரும். அப்படி வந்த பெயர். நான் அவளுக்குப் பக்கத்து மெஷின். பதினோரு வருடமாகத் தோளோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறோம்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த ஏழு வருடத்தில் வந்த வரன்கள் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. அவர் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தாறு. தங்கை அவளைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். அம்மா இல்லாத வீட்டில் அவளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதெல்லாம் ஊசியக்காதான். அந்தத் தங்கை ஒருவனை நம்பிப் போனாள். வயிற்றில் பிள்ளையோடு திரும்பி வந்தாள். அவன் எங்கே என்று ஊசியக்கா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பிறந்தது பெண். கையளவுதான் இருந்தாள். அதனால் கடுகு.

கடுகுக்கு இரண்டு வயது முடிந்தபோது தங்கைக்குப் பயணிகள் கப்பலில் வேலை கிடைத்தது. அறைகளைச் சுத்தம் செய்து படுக்கை விரிக்கும் வேலை. ஒப்பந்தம் ஒன்பது மாதம், பிடித்துப்போனால் நீட்டிப்பார்கள். "போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்றாள் ஊசியக்கா. நினைத்துப் பார்த்தால், அவள் வாழ்க்கை முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான்.

தங்கை போன பிறகு கடுகு எங்கள் கடையில் வளர்ந்தாள். வெட்டும் மேசைக்கு அடியில் துணித்துண்டுகளை மூட்டையாகக் கட்டி அவளுக்கு ஒரு மெத்தை. ராத்திரி அம்மாவைத் தேடி அழுதால் ஊசியக்கா ஒரு பாட்டில் பால் கொடுப்பாள். பகலில் முகம் சுண்டினாலும் ஒரு பாட்டில். ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு பாட்டில் போனது. சோறும் காயும் கொறிப்பதோடு சரி. "பால்தானே குடிக்கறா, நல்லதுதானே" என்று நானும் சொன்னேன். எனக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் பிள்ளை விஷயத்தில் என் சொல்தான் அந்தக் கடையில் சட்டம்.

கோடையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் தண்ணீர்கூடச் சரியாக இறங்கவில்லை. காய்ச்சல் விட்டபின் ஒரு காலையில், ஊசியக்கா வீட்டுக் குளியலறையில், கடுகு போட்ட கூச்சல் மூன்றாவது மாடியிலிருந்து தெருவுக்குக் கேட்டதாம். கல் மாதிரி இறுகி வந்திருக்கிறது. துடைத்த துணியில் நூல் மாதிரி ஒரு சிவப்புக் கோடு.

அன்றைக்கு அந்தக் குழந்தை தனக்குள் ஒரு முடிவெடுத்துவிட்டது. இனிமேல் விடமாட்டேன் என்று. எங்களுக்கு அது தெரிய இரண்டு மாதம் ஆனது.

நாங்கள் பார்த்தது வேறு. விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று நின்றுவிடுவாள். மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, கால்விரல் நுனியில் எம்பி, தொடை இரண்டையும் ஒட்டிப் பின்னிக்கொள்வாள். முகம் சிவக்கும், நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும். சில நேரம் உடை மாற்றும் அறைத் திரைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள்.

"பாவம், முக்குறா. வரமாட்டேங்குது" என்பாள் ஊசியக்கா.

"ஆமாக்கா, நல்லா முக்குறா" என்பேன் நான்.

அவள் முக்கவில்லை. வருவதை உள்ளே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். இரண்டு பெரியவர்கள் முன்னால் நின்று "முக்கு, கண்ணு, முக்கு" என்று உற்சாகப்படுத்திக்கொண்டிருந்தோம்.

ஐந்து நாளைக்கு ஒருமுறை, ஆறு நாளைக்கு ஒருமுறை என்று ஆனது. வரும்போது அந்தச் சின்ன உடம்பிலிருந்தா இது வந்தது என்று மலைக்கும் அளவுக்கு வரும். வலியும் கூடவே வரும். வலித்ததால் அடுத்த தடவை இன்னும் இறுக்கமாக அடக்குவாள். அடக்கியதால் இன்னும் காய்ந்துபோகும்.

சோப்பு யோசனை என்னுடையது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. "சோப்பைச் சின்னதா சீவி பின்னாடி வெச்சா வழுக்கிட்டு வந்துடும்க்கா, எங்க வீட்ல அப்படித்தான்" என்றேன். ஊசியக்கா தயங்கினாள். நான் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சோப்புத் துண்டைப் பிடித்திருந்தாள். கடுகின் கால்களைப் பிடித்துக்கொண்டது நான். அந்தக் குழந்தை என் கையில் துள்ளிய துள்ளல் இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. வந்தது, ஆமாம். ஆனால் அதன்பிறகு குளியலறைக் கதவைத் திறந்தாலே உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அலற ஆரம்பித்தாள். என்னைப் பார்த்தால் மேசைக்கடியில் போய்விடுவாள்.

அடுத்து வந்ததுதான் எங்களை முழுசாகக் குழப்பியது. உள்ளாடையில் கறை. கொஞ்சம் கொஞ்சமாக, கூழ் மாதிரி, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை. "மலச்சிக்கல் போய் வயித்தால போகுது பாரு" என்று நானே தீர்ப்புச் சொன்னேன். பழம், காய் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னேன். வெறும் கஞ்சியும் பாலும் கொடுத்தாள். கறை நிற்கவில்லை. வயிறு உப்பிக்கொண்டே போனது. கடுகு சாப்பாட்டைக் கண்டாலே தலையைத் திருப்பிக்கொண்டாள்.

கடையில் வாடை வந்தது. ஒரு வாடிக்கையாளர் கோட்டை வாங்கும்போது மூக்கைச் சுளித்தார். முதலாளி மோசமானவர் இல்லை. ஆனாலும் ஊசியக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஒரு வாரம் பாரும்மா. இல்லன்னா குழந்தையை வேற எங்கயாவது விட்டுட்டு வா. நான் என்ன பண்ண?"

வேறு எங்கே விடுவாள்?

அன்றைக்கு மதியம் மூன்றாவது ஜட்டியை வாஷ்பேசினில் அலசிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மாற்றிவிட்டிருந்த நாலாவதிலும் கறையோடு கடுகு வந்து நின்றாள். ஊசியக்கா ஈரக்கையோடு திரும்பி அறைந்தாள். "ஏண்டி இப்படி என் உயிரை வாங்கறே? சொல்லத் தெரியாது? வெக்கமா இல்ல?"

குழந்தை அழவில்லை. கன்னத்தில் ஐந்து விரல் ஈரமாகப் பதிந்திருந்தது. "கடுகு கெட்ட பொண்ணு" என்றாள், யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வது போல. பிறகு துணி மூட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஊசியக்கா வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. நான்தான் போய் அடைத்தேன். அப்பாவின் ஏழு வருடத்திலும் தங்கை திரும்பி வந்த நாளிலும் அழாதவள் அன்று அழுதாள்.

மறுநாள் காலை குழந்தைகள் மருத்துவமனைக்குப் போனோம். நானும் கூடப் போனேன். என் தீர்ப்பு எதன் மேலும் எனக்கே நம்பிக்கை இல்லாமல் போயிருந்தது. நடுத்தர வயது டாக்டரம்மா. எடுத்ததும் கடுகைத் தொடவில்லை, கேள்விதான் கேட்டார். பிறந்த முதல் நாளே மலம் போனதா? வாந்தி உண்டா? நடப்பதில் ஏதாவது தடுமாற்றம்? எடை ஏறுகிறதா? எப்போது ஆரம்பித்தது? பிறகு ஊசியக்கா மடியிலேயே கடுகைப் படுக்கவைத்து, வயிற்றை மெல்ல அழுத்தினார். கீழே இடப்பக்கம் விரல்கள் நின்றன.

"உங்க கையைக் கொடுங்க" என்று ஊசியக்காவின் விரலை எடுத்து அங்கே வைத்தார். "தெரியுதா?"

"உருண்டையா... கட்டியா?" ஊசியக்காவின் முகம் வெளுத்தது.

"பயப்படாதீங்க. கட்டி இல்ல. மலம். வாரக்கணக்கா சேந்தது." முதுகைத் தடவிப் பார்த்தார், பின்பக்கம் வெளியிலிருந்தே பார்த்தார். "சின்னதா ஒரு வெடிப்பு இருக்கு. அதான் வலி. உள்ளே விரல் விட்டெல்லாம் பாக்க வேண்டாம், பாவம், போதும் அவளுக்கு."

"அப்போ ஜட்டியில தண்ணியா போகுதே டாக்டர்? வயித்துப்போக்குன்னு நினைச்சு..." என்றேன் நான்.

மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் ஒரு குழாய் வரைந்தார். அதன் அடியில் ஒரு பெரிய உருண்டை. "இது அடைச்சுக்கிட்டு இருக்கு. மேல இருந்து இளக்கமா வர்றது இதைச் சுத்திக் கசிஞ்சு வெளிய வருது. அது அவளுக்கே தெரியாது. குடல் விரிஞ்சு விரிஞ்சு, வருதுங்கற உணர்ச்சியே மழுங்கிப் போச்சு. வேணும்னு செய்யல. சோம்பேறித்தனமும் இல்ல."

ஊசியக்கா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இலாஸ்டிக் தொங்கிப்போன மாதிரியா?"

"அதேதான். ஆனா உங்க இலாஸ்டிக் திரும்பாது, இது திரும்பும். நாள் ஆகும். மாசக்கணக்கா."

"நான் அடிச்சிட்டேன் டாக்டர்." சட்டென்று சொன்னாள். "நேத்து. இதுக்காக."

டாக்டரம்மா பேனாவை வைத்தார். "இந்த நாற்காலில உக்காந்து இதைச் சொன்ன முதல் ஆள் நீங்க இல்ல. இனிமே அடிக்காதீங்க. அவகிட்ட சொல்லுங்க, உன் தப்பு இல்லன்னு. ஒரு தடவை சொன்னா போதாது."

"சோப்பு வெச்சோம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"பின்பக்கம் எதையும் வெக்காதீங்க. இப்ப அவளுக்கு அந்த இடத்து மேலயே பயம். நமக்கு வேண்டியது ஒண்ணுதான், வலிக்காம வரணும். நூறு தடவை வலிக்காம வந்தாத்தான் அந்த ஒரு வலியை மறப்பா."

கொடுத்தது ஒரு வெள்ளைப் பொடி. ருசியே இல்லாதது. தண்ணீரில் கரைத்துக் கொடுக்கவேண்டும். குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குமாம். எடைக்குத் தகுந்த அளவை எழுதிக் கொடுத்தார். முதல் சில நாள் படிப்படியாகக் கூட்டி, தேங்கியதை எல்லாம் வெளியேற்றவேண்டும். பிறகு தினம் ஒரு அளவு, மாதக்கணக்கில். "நல்லாயிட்டான்னு நீங்களா நிறுத்தக்கூடாது. குறைக்கறதை நான் சொல்றேன். வாந்தி வந்தாலோ, வயிறு வீங்கி வலிச்சாலோ, ரத்தம் அதிகமா போனாலோ, காத்திருக்காம கொண்டுவாங்க." பாலை ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்குள் நிறுத்தச் சொன்னார். "பால் விரோதி இல்ல. ஆனா வயிறு முழுக்கப் பாலா இருந்தா வேற எது உள்ள போகும்?"

பால் என்றதும் ஊசியக்காவின் தலை தாழ்ந்தது. அம்மா இல்லாத குறைக்கு அவள் கொடுத்தது அது ஒன்றுதான்.

அந்தச் சுத்தம் செய்யும் வாரம் இருக்கிறதே, அதைச் சும்மா சொல்லக்கூடாது. முதலாளி விடுப்புக் கொடுத்தார், சந்தோஷமாகவே கொடுத்தார். முதல் இரண்டு நாள் கசிவு இன்னும் கூடியது. மூன்றாம் நாள் அடைப்பு உடைந்தது. தினம் வேலை முடிந்து நான் போவேன். இரண்டு அறை வீடு முழுக்கக் கொடி கட்டித் துணி காய்ந்தது. ஊசியக்கா கை நகம் வெளிறி, கண் உள்ளே போய் உட்கார்ந்திருப்பாள். ஆனால் குரல் மட்டும் மாறாது. "வந்துடுச்சா? சரி. கழுவிக்கலாம். உன் தப்பு இல்ல கண்ணு." சீ, நாத்தம், அசிங்கம், இந்த மூன்று சொல்லையும் வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்டாள். எனக்கு வாயில் வந்துவிட்டால் தொடையில் கிள்ளுவாள்.

பிறகு தொடங்கியது பழக்கும் வேலை. சுத்தம் செய்யும் வாரத்தில் போட்டுவிட்ட டயப்பரை உடனே பிடுங்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் முதலில், டயப்பரோடே போகலாம், ஆனால் திரைக்குப் பின்னால் வேண்டாம், குளியலறைக்குள் நின்று போ என்றாள். அதற்கே பன்னிரண்டு நாள். கடுகு வாசலில் நின்று கதவை ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு ஓடிவிடுவாள். ஊசியக்கா உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து பட்டன் தைப்பாள். "நீ வரலன்னா பரவால்ல. நான் இங்கதான் இருக்கேன்."

பிறகு டாய்லெட்டின் மூடிய மூடி மேல், உடுப்போடே, சும்மா உட்காருவது. பிறகு டயப்பரோடு, மூடியைத் திறந்து உட்காருவது. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் மட்டும். சாப்பிட்டதும் குடல் தானாகவே ஒரு தள்ளுத் தள்ளுமாம். அந்த நேரத்தில் உட்கார்ந்தால் பாதி வேலை உடம்பே செய்துவிடும். ஐந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. நூல்கண்டு வந்த மரப்பெட்டியைக் கவிழ்த்துக் காலடியில் வைத்தாள். கால் தொங்கினால் இந்த வயதுப் பிள்ளையால் அடிவயிற்றைத் தளர்த்த முடியாது. பாதம் ஊன்றி, முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே இருக்கவேண்டும். கையில் சோப்புக்குமிழி ஊதும் குச்சி. ஊதும்போது தன்னை அறியாமலே உடம்பு அடியில் தளர்கிறது. வந்ததா வரவில்லையா என்று கேட்கக்கூடாது. உட்கார்ந்ததற்குத்தான் பாராட்டு. உட்கார்ந்து எழுந்தால் கையில் ஒரு வண்ண நூல் கட்டிவிடுவாள். கடுகின் இரண்டு மணிக்கட்டும் கொடி மாதிரி ஆயின.

பழக்கத் தொடங்கிய அறுபத்தோராம் நாள் காலை, நான் கடையைத் திறந்துகொண்டிருந்தேன். ஊசியக்கா தூரத்திலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தாள். "தபால் வந்தாச்சு!"

"எங்க? டயப்பர்லயா?"

"பெட்டிலயே போட்டாடி! அவளே! அழாம!"

நான் கத்திய கத்தலில் எதிர்க்கடை வாட்ச் மெக்கானிக் லென்ஸைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்தார். யாருக்கு என்ன வேலை கிடைத்தது என்று கேட்டார். நாங்கள் பதில் சொல்ல முடியாமல் சிரித்தோம். அதிலிருந்து தினமும் காலையில் என் முதல் கேள்வி "தபால்?" என்பதுதான். அன்றைக்கு மதியம் கடுகு மேசைக்கடியிலிருந்து வந்து, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, என் மடியில் ஏறினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

இதில் எதையும் ஊசியக்கா தங்கைக்குச் சொல்லவில்லை. கப்பல் கரை தொடும்போது தங்கை போனில் முகம் பார்ப்பாள். "நல்லா இருக்காளா?" "நல்லா இருக்கா." அவ்வளவுதான். "தண்ணிக்கு நடுவுல தனியாக் கிடக்கறவகிட்ட இதைச் சொல்லி என்ன ஆகப்போகுது? அங்கேயிருந்து அவ அழறதுக்கா?" என்பாள் என்னிடம். நல்ல எண்ணம்தான். அதுவே பின்னால் வினையாக வந்தது.

தங்கை ஒன்றரை வருடம் கழித்து வந்தாள். கடுகுக்கு அப்போது மூன்றரை வயது. தினம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பொடியைக் கொஞ்சம்தான் குறைத்திருந்தார். வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கடுகு ஊசியக்காவின் பின்னால் ஒளிந்தாள். தங்கை மண்டியிட்டுக் கையை நீட்டினாள். கடுகு வரவில்லை.

துறைமுக நகரம் ஒன்றில் ஓட்டல் வேலை பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம். பத்தே நாளில் கிளம்பவேண்டும். அந்தப் பத்து நாளில் ஊசியக்கா கடுகின் சாப்பாடு, தூக்கம், பழக்கம் எல்லாம் சொன்னாள். ஆனால் அறைந்ததைச் சொல்லவில்லை, அடைப்பைச் சொல்லவில்லை. "கொஞ்சம் மலச்சிக்கல் இருந்துச்சு, இந்தப் பொடியைக் கொடு, உக்கார வை" என்று சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டாள். ஒருநாள் நானிருக்கும்போதே சொன்னாள்: "என்னக்கா, ஒரு சின்ன மலச்சிக்கலுக்கு வருஷம் பூரா மருந்தா? அடிமையாயிட மாட்டாளா?"

"டாக்டர் சொன்னாங்கடி."

"டாக்டர் சொல்வாங்க."

கிளம்பிய நாளில் பேருந்து ஜன்னலில் கடுகு இரண்டு உள்ளங்கையையும் பதித்து "பெரிம்மா, நீ ஏறல? பெரிம்மா, ஏறு" என்றாள். அழக்கூட இல்லை, மறந்துபோய் நிற்கிறவளுக்கு நினைவுபடுத்துவது போலச் சொன்னாள். ஊசியக்கா பேருந்து திரும்பும் வரை சிரித்துக்கொண்டே கையாட்டினாள். கடைக்கு வந்து அன்று பதினான்கு பேன்ட் முடித்தாள்.

ஆறு வாரம் கழித்து போன் வந்தது. வெட்டும் மேசை மேல் ஸ்பீக்கரில் போட்டாள். கையில் வேலை இருந்தது. தங்கையின் குரல் உடைந்திருந்தது. "அக்கா, என்ன வளத்து வெச்சிருக்கே இவளை? ஒன்பது நாளாச்சு. கதவுக்குப் பின்னாடி போய் நிக்கறா. ஜட்டி பூரா நாசம். கேட்டா பெரிம்மா பெரிம்மான்னு கத்தறா. இன்னைக்கு நான்..." அவள் முடிக்கவில்லை.

"அடிச்சியா?"

அந்தப் பக்கம் அழுகை.

ஊசியக்கா மறுநாள் முதல் பேருந்தில் போனாள். இனி வருவதை அவள் திரும்பி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். மெஷினை மிதித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

ஒற்றை அறை. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் கடுகு நின்றிருந்தாள். விரல் நுனியில், கால் பின்னி, முகம் சிவந்து. பெரியம்மாவைப் பார்த்ததும் ஓடிவரவில்லை. ஓடினால் வந்துவிடும் என்ற பயம். கையை மட்டும் நீட்டினாள். பொடி டப்பா அலமாரி மேல் தூசியோடு இருந்தது. வந்த இரண்டாம் வாரமே தங்கை நிறுத்தியிருந்தாள்.

ஊசியக்கா தங்கையைக் கட்டிலில் உட்காரவைத்தாள். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னாள். சிவப்புக் கோட்டிலிருந்து சோப்பு வரை, சோப்பிலிருந்து அறைந்தது வரை.

"நீ அடிச்சியா? நீயா?" தங்கையால் நம்ப முடியவில்லை.

"அடிச்சேன். கடுகு கெட்ட பொண்ணுன்னு சொல்லுச்சு. அது இன்னும் என் காதுல இருக்கு."

"ஏன் என்கிட்ட சொல்லல? நான் தெரிஞ்சுக்க வேண்டாமா? நான் அவ அம்மா இல்லையா?"

"உனக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"நீ எனக்கு எப்பவும் இப்படித்தான் பண்றே. எல்லாத்தையும் நீயே பாத்துக்கறே. எனக்கு ஒண்ணும் தெரியாம போயிடுது."

இதைச் சொல்லும்போது ஊசியக்கா மெஷினை நிறுத்தினாள். "அவ சொன்னது நிஜம்தானேடி" என்றாள் என்னிடம்.

அங்கிருந்த மருத்துவமனையில் காட்டினார்கள். மறுபடி முதலிலிருந்து: அளவைக் கூட்டிச் சுத்தம் செய்வது, பிறகு தினசரிப் பொடி, உட்காரும் நேரம். அந்த டாக்டரும் அதையேதான் சொன்னார். இது திரும்பத் திரும்ப வரும் விஷயம், ஒருவர் மேல் பழி போட எதுவும் இல்லை, அடிமையாக்கும் மருந்தும் இல்லை. தங்கை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஊசியக்கா பதினேழு நாள் அங்கே இருந்தாள். நினைத்திருந்தால் இன்னும் இருந்திருக்கலாம். முதலாளி ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். தங்கையே கேட்டாள்: "பேசாம இங்கயே வந்துடேன்க்கா." கடுகு பெரியம்மாவைத் தவிர யாரோடும் குளியலறைக்குள் போகமாட்டேன் என்றாள். பெரியம்மாதான் குமிழி ஊதவேண்டும். பெரியம்மாதான் கழுவிவிடவேண்டும். அம்மா வாசலில் துண்டோடு நிற்பாள்.

ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, தங்கை அப்படித் துண்டோடு நிற்கும் முகத்தை ஊசியக்கா நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். அன்று மாலையிலிருந்து இடம் மாறினாள். முதலில் மூன்று பேரும் உள்ளே. பிறகு அம்மா உள்ளே தரையில், பெரியம்மா கதவருகில். பிறகு கதவுக்கு வெளியே. கடுகு உள்ளிருந்து "பெரிம்மா!" என்று கூப்பிடுவாள்.

"இருக்கேன் கண்ணு. அம்மா ஊதறாங்க பாரு."

"நீ வா."

"எனக்கு இங்க வேலை இருக்கு. அம்மாவுக்குத்தான் பெரிய குமிழி வரும்."

"பெரிம்மா வேணும்."

ஊசியக்கா வாயைத் துணியால் பொத்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உள்ளே தங்கை ஊதிக்கொண்டிருந்தாள். மூன்று நாள் வெறும் அழுகை. நாலாம் நாள் அழுகை பாதியில் நின்றது. உள்ளே ஒரு சிரிப்புக் கேட்டது. எந்தக் குமிழி மூக்கில் உடைந்ததோ தெரியாது. அதற்குப் பிறகு தங்கை உரக்கக் கத்தினாள்: "அக்கா! அக்கா! போயிட்டாக்கா!"

"எழுந்து கதவைத் திறக்கலாம்னு கைப்பிடி வரைக்கும் போயிட்டேன்" என்றாள் ஊசியக்கா. "அப்புறம் திறக்கல. அது அவங்க ரெண்டு பேரோட சந்தோஷம். நான் போனா மறுபடி என் மடிக்கு வந்துடும் அது."

மறுநாள் திரும்பிவிட்டாள். கடுகு தூங்கிக்கொண்டிருக்கும்போதே கிளம்பினாள். அது சரியா தவறா என்று இன்றும் அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து தேடியதாம், அலமாரிக்குப் பின்னால்கூடத் தேடியதாம். தங்கை போனில் சொன்னபோது ஊசியக்கா "சாப்ட்டதும் உக்கார வெச்சியா?" என்று மட்டும் கேட்டாள்.

ஒவ்வொரு நாளும் கேட்டாள். பிறகு வாரம் ஒருமுறை. பிறகு கேட்கத் தேவை இல்லாமல் போனது. ஒன்றேகால் வருடம் கழித்து டாக்டர் பொடியை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார். கடுகு பள்ளிக்குப் போகிறாள்.

போன மாதம் தங்கை அவளை அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு நாள் தங்கினார்கள். ஆறு வயது, முன்பல் விழுந்திருக்கிறது, இரட்டைச் சடை. கடைக்கும் வந்தாள். வெட்டும் மேசையைச் சுற்றி நடந்து, ஊசி டப்பாவைத் திறந்து பார்த்து, "ஆன்ட்டி, இந்த மெஷினை நான் மிதிக்கலாமா?" என்று என்னிடம் கேட்டாள். தெரியாத வீட்டுக்கு வந்த பிள்ளையின் மரியாதை. என்னையும் தெரியவில்லை, மேசைக்கடியையும் தெரியவில்லை.

ஊசியக்கா அவளை மடியில் வைத்து மெஷினை மிதிக்கக் கற்றுக்கொடுத்தாள். தங்கை, "இங்கதான்டா நீ சின்னதா இருக்கறப்போ..." என்று ஆரம்பித்தாள்.

"அதெல்லாம் எதுக்கு இப்போ" என்றாள் ஊசியக்கா.

அவர்கள் போனபிறகு நான் பொறுக்க முடியாமல் கேட்டேன். "உனக்கு ஒண்ணும் இல்லையாக்கா? அந்தப் பொண்ணுக்கு உன்னோட இருந்ததே ஞாபகம் இல்லையே?"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்த வலி ஞாபகம் இல்லல்ல?"

"இல்ல."

"நான் அறைஞ்சது?"

"இல்லக்கா."

"அந்த வலியையும் என்னையும் தனித்தனியா மறக்க முடியாதுடி. குழந்தை எல்லாத்தையும் சேத்து ஒரே மூட்டையாத்தான் போட்டுட்டுப் போகும்" என்றாள். பிறகு விளக்கைப் பக்கத்தில் இழுத்து, அடுத்த பேன்டை எடுத்து, அடிவிளிம்பைப் பிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் திரையிட்டிருந்ததால் தையல் தெரியவில்லை. நான் வாங்கிப் பிரித்துக் கொடுத்தேன்.